தட்டைப் பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள்

பொது மருத்துவ வார்டுகளில் பணிபுரியும் செவிலியர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும்,



காலை ஆறரை மணிக்கு இன்சுலின், எட்டேகால் மணிக்கு இட்லி. நம் ஊரில் பல வார்டுகளின் வழக்கம் இதுதான். நைட் டூட்டி முடிவதற்குள் ஊசிகளை எல்லாம் போட்டு முடிக்க வேண்டும் என்பதால் ஊசி முந்திக்கொள்கிறது. சமையலறையிலிருந்து கிளம்பும் வண்டிக்கு ஊசி போட்ட நேரம் தெரியாது. நன்றாகப் பசியெடுத்துச் சாப்பிடுகிற நோயாளி இந்த இடைவெளியை எப்படியோ சமாளித்துவிடுவார். காய்ச்சலும் குமட்டலுமாகக் கிடந்து, அரை இட்லியோடு தட்டைத் தள்ளிவைக்கிற நோயாளியால் அது முடியாது. அவருக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரே ஒருவர் அல்லர். பல கேஸ் ஷீட்களில் திரும்பத் திரும்பப் பார்த்ததை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன். வயது 67, எடை 50 கிலோ, சர்க்கரை நோய் வந்து பதினெட்டு ஆண்டுகள். நிமோனியாவுக்காக அனுமதிக்கப்பட்டிருக்கிறார். கிரியேட்டினின் 2.1, அதாவது சிறுநீரகம் பாதிக்கு மேல் சோர்ந்துவிட்டது. வீட்டில் 30/70 கலவை இன்சுலின் காலையில் 24 யூனிட், இரவில் 16 யூனிட் போட்டுக்கொண்டிருந்தார். கூடவே காலையில் 2 மி.கி. கிளிமிபிரைடு மாத்திரை. அனுமதித்தபோது சர்க்கரை 284. "வீட்டு மருந்துகளைத் தொடரவும்" என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதப்பட்டது. இரவு எட்டு மணிக்கு 16 யூனிட் போட்டார்கள். அம்மா அரை டம்ளர் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால் 132. எல்லோருக்கும் திருப்தி. அந்த இடத்தில்தான் நாம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரே இரவில் 284-லிருந்து 132-க்கு இறங்கியிருக்கிறது. வயிற்றுக்குள் போனதோ அரை டம்ளர் கஞ்சி. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் நல்ல செய்தி. முந்தைய எண்ணையும் தட்டையும் சேர்த்துப் பார்த்தால் அது எச்சரிக்கை. ஆன்டிபயாடிக் வேலை செய்யத் தொடங்கி, காய்ச்சல் தணியத் தணிய உடலின் இன்சுலின் தேவையும் குறையும். ஆகவே 284 இருந்தபோது பொருந்திய அளவு, மறுநாளே அதிகமாகிவிடலாம்.

ஆறரைக்கு 24 யூனிட் போட்டார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். எட்டேகாலுக்கு இரண்டு இட்லி வந்தது. அரை இட்லி சாப்பிட்டதும் குமட்டல். மிச்சத்தை மகள் கவரில் போட்டு வைத்துவிட்டார். பத்தேமுக்காலுக்கு மருந்து கொடுக்க வந்த சிஸ்டர் அம்மாவை எழுப்பினால், கண் திறக்கிறார், ஆனால் பேச்சு குழறுகிறது. நெற்றியும் கழுத்தும் வியர்வையில் நனைந்திருக்கின்றன. மகள் சொல்கிறார்: "ராத்திரி முழுக்க இருமல் சிஸ்டர், இப்பத்தான் நல்லாத் தூங்குறாங்க." குளுக்கோமீட்டரில் 43.

இந்த 43 எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிட்டு, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். 30/70 என்றால் பத்தில் மூன்று பங்கு ரெகுலர் இன்சுலின், ஏழு பங்கு பால்போல் கலங்கியிருக்கும் என்.பி.எச். அந்த 24 யூனிட்டில் ஏழு யூனிட் ரெகுலர். அது போட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும். மீதி பதினேழு யூனிட் என்.பி.எச். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு உச்சத்துக்கு ஏறி, பத்து மணி நேரம்வரைகூட வலுவாக நிற்கும். வீட்டில் அவர் நான்கு இட்லி சாப்பிட்டு, பதினொரு மணிக்கு மோர் குடித்து, ஒரு மணிக்குச் சோறு சாப்பிடுவார் என்ற கணக்கில் அமைந்த அளவு இது. ஓர் இட்லியில் ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஆக, 24 யூனிட்டுக்கு எதிரே அன்று அவர் சாப்பிட்டது ஆறேழு கிராம். கலவை இன்சுலினில் இன்னொரு சிக்கல்: ஒரு பகுதியை மட்டும் குறைக்க வழியில்லை. சாப்பாட்டுக்கான பங்கும் நாள் முழுவதற்குமான பங்கும் ஒரே மருந்தில் கலந்தே வருகின்றன. அனுமதிக்கப்பட்ட நோயாளிகளிடம் மனிதக் கலவை இன்சுலினையும், அடிப்படை இன்சுலின், சாப்பாட்டு இன்சுலின் என்று பிரித்துப் போடும் முறையையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2015-இல் ஸ்பெயினிலிருந்து வெளிவந்தது. கலவை பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கும், பிரித்துப் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கும் சர்க்கரை தாழ்ந்தது. அதனால் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். சரியாகச் சாப்பிடாத நோயாளிக்கு வார்டில் கலவை இன்சுலின் தொடரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது அந்த 43-க்கு வருவோம். முதல் கேள்வி ஒன்றுதான்: பத்திரமாக விழுங்குவாரா? கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்லி, எழுந்து உட்கார முடிகிறவராக இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் வாய் வழியாகப் போதும். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. அவசரத்தில் பாலோ சாக்லெட்டோ பிஸ்கட்டோ கொடுக்கிறார்கள். கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நம் ஊரில் பலரும் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை கரைத்துக் கொடுத்தாலும் வேகமாகப் பலன் கிடைக்காது. அந்தச் சர்க்கரை குடலில் உடைவதைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ் உடைய வேண்டியதில்லை, நேரே ரத்தத்துக்குப் போகும். மருந்து டிராலியில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

நம் அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறது, பாதி மயக்கம். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஏற்கெனவே நிமோனியா உள்ள நுரையீரலுக்குள் சர்க்கரைத் தண்ணீரும் இறங்கினால் அது வேறோர் ஆபத்து. மகளோ பக்கத்துக் கட்டில்காரரோ பாசத்தில் ஊற்ற வருவார்கள். அன்பாக, ஆனால் கண்டிப்பாகத் தடுங்கள். கையில் ஐ.வி. லைன் இருக்கிறது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி., அதாவது 25 கிராம் குளுக்கோஸ், ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உள்ளே போக வேண்டும். இது கெட்டியான திரவம்; நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். அதனால் முதலில் சலைன் விட்டு லைன் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, முடிந்ததும் மறுபடி சலைனால் அலசிவிடுங்கள். லைன் கிடைக்காமல் திணறினால் 1 மி.கி. குளுக்ககான் தசையில் போடலாம். ஆனால் அது ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரையைத்தான் வெளியே கொண்டுவரும். பல நாள் சாப்பிடாதவரின் ஈரலில் சேமிப்பு தீர்ந்திருக்கும், பலன் குறைவாகவே இருக்கும். ஆகவே அதைப் போட்டுவிட்டு நரம்பு தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

பதினைந்து நிமிடத்தில் 121. அம்மா எழுந்து மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "லோ சுகர், கரெக்டட்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம் என்று தோன்றும். வார்டுகளில் நான் அதிகம் கவலைப்படுவது இந்தக் கட்டத்தைப் பற்றித்தான். பன்னிரண்டேமுக்காலுக்கு மறுபடி பார்த்தபோது 58. ஏன்? ஊசியில் போன 25 கிராம் குளுக்கோஸ் ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்காது. காலையில் போட்ட என்.பி.எச். அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. இன்சுலினை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. அது சோர்ந்திருப்பதால் போட்ட இன்சுலின் கூடுதல் நேரம் தங்குகிறது. இவற்றோடு கிளிமிபிரைடு. சிறுநீரகம் கெட்டவரிடம் அந்த மாத்திரையின் விளைவு ஒரு நாளையும் தாண்டி நீடித்து, கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மாத்திரையும் என்.பி.எச்-உம் சேர்ந்த ஒருவருக்கு ஒரு முறை சர்க்கரை தாழ்ந்தால், அன்று முழுக்க மறுபடி தாழும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அம்மாவுக்கு முதல் முறையே செய்திருக்க வேண்டியது இது. மயக்கம் தெளிந்ததும், பசியில்லாவிட்டாலும், ஒரு டம்ளர் பாலும் ஓர் இட்லியும் சிறிது சிறிதாகக் கொடுப்பது. கூடவே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பை மணிக்கு 75 மி.லி. அளவில் தொடங்குவது, அது மணிக்கு ஏழரை கிராம் சர்க்கரை தரும். முதல் நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு இரண்டு மணிக்கும் தவறாமல் விரல் குத்திப் பார்ப்பது. கிளிமிபிரைடை அட்டையிலிருந்தே அடித்துவிடுவது. டிரிப்பைத் திடீரென்று கழற்றாமல், எண்கள் நிலையாக 150-ஐத் தாண்டி நிற்கும்போது படிப்படியாகக் குறைப்பது. இரண்டாவது முறை 58 வந்த பிறகு இவை எல்லாம் நடந்தன. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் தூங்குவதாகவே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தூக்கம் என்ற அந்தச் சொல்லிலேயே கொஞ்சம் நிற்கிறேன். கை நடுக்கம், படபடப்பு, பசி ஆகியவைதான் சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள் என்று படிக்கிறோம். பல ஆண்டுகள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், முன்பே பல முறை தாழ்ந்தவர்களுக்கும் இந்த முன்னறிவிப்புகள் மங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களிடம் நடுக்கமும் படபடப்பும் மறையும், வியர்வை மட்டும் தெரியும். வயதானவர்களிடம் அது தூக்கமாக வரும், எரிச்சலாக வரும், ஒரு பக்கக் கை கால் தளர்ந்து பக்கவாதம்போலவும் வரும். "நேத்து நல்லாப் பேசினாங்க, இன்னிக்கு ஏதோ மாதிரி இருக்காங்க" என்று உறவினர் சொன்னால் அது போதும். வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் விரலைக் குத்துங்கள். குத்துவதற்கு முன் அந்த விரலைத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். ஆரஞ்சுச் சுளை உரித்த விரலில் உண்மையில் 50 இருப்பது மீட்டரில் 150 ஆகத் தெரியலாம்.

இனி ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளுக்கு. சர்க்கரை தாழ்ந்த நோயாளியின் அட்டையில் நீங்கள் எழுதுகிற அடுத்த வரிதான் அடுத்த ஆபத்தைத் தீர்மானிக்கிறது. அதில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. ஒன்று, எதையும் மாற்றாமல் விடுவது. இரவு எட்டு மணிக்கு அதே 16 யூனிட் போகும், அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு என்.பி.எச். உச்சத்தில் இருக்கும், வார்டு விளக்கு அணைந்திருக்கும். பல மருத்துவமனைகளில் இரவுச் சாப்பாடு ஆறரைக்கே வந்துவிடுகிறது. அதற்கும் மறுநாள் காலை உணவுக்கும் இடையே பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

மற்றது, பயந்துபோய் "இன்சுலினை நிறுத்தவும்" என்று எழுதுவது. மறுநாள் சர்க்கரை 380 ஆகும். உடனே ஒரு ஸ்லைடிங் ஸ்கேல் வரும்: இவ்வளவு இருந்தால் ரெகுலர் இவ்வளவு. இரவு பத்து மணிக்கு 12 யூனிட் போட்டு, ஒரு மணிக்கும் 290 இருக்கிறதே என்று இன்னும் எட்டு யூனிட். ரெகுலர் இன்சுலின் ஆறு முதல் எட்டு மணி நேரம் உடலில் இருக்கும். முதலில் போட்டது தீராதபோதே இரண்டாவது அதன்மேல் ஏறுகிறது. விடிகாலையில் மறுபடி 45. டைப் 1 நோயாளியாக இருந்தால் இன்னும் மோசம்: அடிப்படை இன்சுலினை முழுதாக நிறுத்தினால், சாப்பிடாமல் இருந்தாலும்கூட, ஒரு நாளுக்குள் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். அவருக்கு அளவைக் குறைக்கலாம், நிறுத்தவே கூடாது.

அப்படியானால் சரியான வரி எது? சாப்பிடாதபோதும் உடலுக்குக் கொஞ்சம் இன்சுலின் தேவை. ஈரல் விடிய விடியச் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அது அடிப்படை இன்சுலினின் வேலை. சாப்பிடுவதற்கு மட்டும் தேவைப்படுவது வேறு. இரண்டையும் பிரித்துவிட்டால், தட்டு காலியாகாத நாளில் இரண்டாவதை மட்டும் விட்டுவிடலாம். மூன்றாம் நாள் காலை அம்மாவின் சர்க்கரை 214. அதைக் கண்டு யாரும் பதறவில்லை. வயதானவர், சிறுநீரகம் சோர்ந்தவர், சரியாகச் சாப்பிடாதவர் என்பதால் கிலோவுக்கு 0.15 யூனிட் என்று கணக்கிட்டு, கிளார்ஜின் 8 யூனிட் தினமும் ஒரே முறை. சாப்பாட்டுக்கு ஆஸ்பார்ட் 2 யூனிட், அதுவும் சாப்பிட்டு முடித்த உடனே. பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தால் போடலாம், பாதிக்குக் கீழ் என்றால் போட வேண்டாம். 250-ஐத் தாண்டினால் மேலும் 2 யூனிட், ஆனால் படுக்கும் நேரத்தில் அதையும் பாதியாக. இந்த எண்கள் இந்த அம்மாவுக்கானவை. இன்னொருவருக்கு அவர் எடை, அவர் சிறுநீரகம், அவர் முன்பு போட்ட அளவு ஆகியவற்றை வைத்துப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

அன்று நடந்தது இது. காலையில் இரண்டு இட்லியில் ஒன்றரை சாப்பிட்டார். 2 யூனிட் போட்டார்கள். மதியம் பார்த்தபோது 178. தயிர்ச்சோறு நான்கு வாய்தான் இறங்கியது, ஊசி இல்லை. மாலை நான்கு மணிக்கு ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். இரவு உணவுக்கு முன் 196. இரண்டு தோசையும் சாப்பிட்டார், 2 யூனிட். படுக்கும்போது 172, அதிகாலை இரண்டு மணிக்கு 148. யாரும் ஓடவில்லை, யாரும் பதறவில்லை. வார்டில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை 100-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் நல்லது. சாப்பிடாத முதியவருக்கு ஓரிரு நாள் 200-ஐ ஒட்டி இருந்தாலும் நிமோனியா ஆறும். 43 அப்படி விட்டுவைக்காது. எப்போது 100-க்குக் கீழே வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் அளவைப் பார்த்துத் திருத்துங்கள். 70 வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற வேகமான இன்சுலின்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கி மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சாப்பிட்டபின் போடலாம் என்பது அவற்றுக்குத்தான் பொருந்தும். பல அரசு மருத்துவமனை வார்டுகளில் கையில் இருப்பது ரெகுலரும் என்.பி.எச்-உம்தான் என்பதை அறிவேன். ரெகுலரைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும் என்பது பாடம். ஆனால் சாப்பிடுவாரா என்றே தெரியாதவருக்கு அரை மணி முன்னால் போடுவது பந்தயம் கட்டுவதற்குச் சமம். அப்படிப்பட்டவருக்கு உணவுத் தட்டு கைக்கு வந்து, அவர் சாப்பிடத் தொடங்கியதைப் பார்த்தபின் குறைந்த அளவில் போடுங்கள். கால் தட்டோடு நிறுத்துகிறவர் என்று தெரிந்தால் அந்த வேளை ரெகுலரை விட்டுவிடுங்கள். தாமதமாகப் போட்ட ரெகுலர் சாப்பாடு செரித்து முடிந்த பின்னும் வேலை செய்யும். ஆகவே மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்து, ஒரு டம்ளர் பாலோ ஒரு பழமோ கொடுங்கள். கிளார்ஜினுக்குப் பதில் என்.பி.எச். போட வேண்டியிருந்தால் சிறு அளவாகக் காலை, இரவு என்று பிரித்து, இரவு அளவைக் குறைவாக வைத்து, படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வைப்பது பத்திரம்.

தட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நம் அட்டைகளில் சர்க்கரை எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது, யூனிட்டுக்குக் கட்டம் இருக்கிறது, சாப்பிட்டதற்கு இல்லை. பேனாவால் ஒரு கோடு இழுத்து ஒரு கட்டம் சேருங்கள். முழுதும், பாதிக்கு மேல், பாதிக்குக் கீழ், ஒன்றுமில்லை என்று நான்கே சொற்கள் போதும். "சாப்பிட்டாங்களா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் "சாப்பிட்டாங்க சிஸ்டர்" என்பதுதான். திட்டு விழுமோ என்ற பயத்திலும் சொல்வார்கள், உங்களுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற மரியாதையிலும் சொல்வார்கள். நோயாளி விட்ட சோற்றைத் துணைக்கு இருப்பவரே சாப்பிட்டிருப்பார்; அவருக்கும் பசிக்கும். "எத்தனை இட்லி வச்சாங்க, எத்தனை மிச்சம்?" என்று கேளுங்கள். "நான் பார்க்கிற வரைக்கும் தட்டை எடுக்காதீங்கம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள். சாப்பிட்டு அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிபன் கேரியரில் வீட்டுச் சாப்பாடு வருகிறவர்களுக்கு வார்டு நேரம் பொருந்தாது. பஸ் கிடைத்து மருமகள் வந்து சேரும் நேரம்தான் அவர்களுடைய சாப்பாட்டு நேரம். ஊசியும் அப்போதுதான்.

ஸ்கேன் அறைக்கு முன்னால் உள்ள பெஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருப்பார்கள், வழக்கமான ஊசி போயிருக்கும், வரிசை பதினொன்றரை வரை இழுக்கும். அப்படி அனுப்பும் நோயாளிக்குக் காலைச் சாப்பாட்டு இன்சுலினும் மாத்திரையும் இல்லை. அடிப்படை இன்சுலின் மட்டும், அதுவும் மருத்துவர் பார்த்துக் குறைத்த அளவில். கிளம்பும் முன் ஒரு முறை விரல் குத்திப் பார்த்து, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரிடம் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும், அட்டையில் "இன்சுலின் போடுபவர்" என்ற வரியும் கொடுத்தனுப்புங்கள்.

இன்னொன்று, சாப்பாட்டோடு தொடர்பில்லாதது, ஆனால் காரணம் தெரியாமல் சர்க்கரை தாழ்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கேட்ரிட்ஜில் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. பேனா கெட்டுவிட்டது என்று கேட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால், உடலுக்குள் போவது 25 யூனிட்.

செவிலியர்களே, அட்டையில் எழுதியிருக்கிறது என்பதற்காகச் சாப்பிடாதவருக்குச் சாப்பாட்டு இன்சுலின் போட வேண்டியதில்லை. நிறுத்தி வைத்து மருத்துவரை அழைப்பது உங்கள் கடமைக்கு உட்பட்டது. அழைக்கும்போது மூன்றையும் சொல்லுங்கள்: இப்போதைய சர்க்கரை, முந்தைய சர்க்கரை, தட்டில் எவ்வளவு மிச்சம். ஹவுஸ் சர்ஜன்களே, அந்த அழைப்பு இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் எரிந்து விழாதீர்கள். எழுந்து வந்து அட்டையில் புதிய அளவைத் திருத்தி எழுதுங்கள். டூட்டி மாறும்போது பெயர், கட்டில் எண், நோய் என்று சொல்கிறீர்களே, அத்துடன் இன்சுலின் போடுகிறவர்களில் நேற்று பாதிக்குக் கீழ் சாப்பிட்டவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். காலை ஊசிகளை நைட் டூட்டியிடமிருந்து எடுத்து, உணவு வண்டி வார்டுக்குள் நுழையும் நேரத்துக்கு மாற்ற, உங்கள் செவிலியர் கண்காணிப்பாளரிடமும் சமையலறைப் பொறுப்பாளரிடமும் இந்த வாரமே பேசுங்கள்.

அன்புடன்,
உங்களோடு வார்டில் நிற்கும் ஒரு பொது மருத்துவர்